பவர் வாங்கியவர் பவர் கொடுக்கலாமா?

பவர் பத்திரம் என்றால் கடலூர்ப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தம்பி சிங்கப்பூரில் இருப்பார். நெல்லிக்குப்பம் ரோட்டில் அவர் பெயரில் ஒரு மனை இருக்கும். அதை விற்றுக் கொடுக்கச் சொல்லி மாமா பெயருக்குப் பவர் எழுதி அனுப்புவார். மாமாவுக்கோ முட்டிவலி. சார்பதிவாளர் அலுவலகத்துப் படியேற முடியவில்லை. "அதுக்கென்னப்பா, புரோக்கர் பேருக்கு நான் ஒரு பவர் எழுதிக் கொடுத்துடறேன்" என்கிறார்.

பத்திரம் எழுதுபவர் உடனே மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தம்பி அனுப்பிய மூலப் பத்திரத்தை வாங்கிப் படிப்பார். அவர் தேடுவது ஒரே ஒரு வரி. 'ஏஜென்ட் தமக்குப் பதிலாக வேறொருவரை நியமித்துக்கொள்ளவும்' என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சரி. இல்லையென்றால் "தம்பிகிட்டயே புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தம்பி நம்பியது மாமாவைத்தான். புரோக்கரை அவர் பார்த்ததுகூட இல்லை.

இந்தச் சங்கதிக்குத்தான் லத்தீனில் 'டெலிகாட்டுஸ் நோன் பொட்டெஸ்ட் டெலிகாரே' என்று ஒரு பழமொழி இருக்கிறது. ஒப்படைக்கப்பட்டவர் மறுபடி ஒப்படைக்க முடியாது என்பது பொருள். தனியார் விவகாரத்தில் இது நம் நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 190ஆவது பிரிவைப் பாருங்கள். தானே செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையை ஏஜென்ட் இன்னொருவரை வைத்துச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, தொழில் வழக்கம் அனுமதித்தாலோ, அந்த வேலையின் தன்மைக்கே துணை ஏஜென்ட் தேவைப்பட்டாலோ செய்யலாம் என்று விலக்கும் கொடுக்கிறது. விதியும் விலக்கும் ஒரே வாக்கியத்துக்குள் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, மாமா இடத்தில் ஓர் அரசு அதிகாரியை உட்கார வைப்போம். அவருக்கு அதிகாரம் கொடுத்தது சட்டம். அதை அவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிடலாமா?

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தொழில் செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது என் மேஜைக்கு வந்துவிடும். "சார், ஆர்டர்ல கலெக்டர் கையெழுத்தே இல்ல, யாரோ போட்டிருக்காங்க, இது செல்லாதுதானே?" என்று ஒரு நம்பிக்கையோடு வருவார்கள். பத்துக்கு எட்டில் செல்லும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மிச்சம் இரண்டு எவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் வாக்கியம்: 'எஸ்.பி. பரிந்துரையின் பேரில், குண்டர் சட்டத்தில் கைது செய்ய கலெக்டர் உத்தரவிட்டார்.' அதற்குள் அதிகாரப் படிக்கட்டு முழுக்க அடங்கியிருக்கிறது.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாடு சட்டம். அதன் 3(1) பிரிவு ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது, கலெக்டருக்கு இல்லை. அடுத்த உட்பிரிவான 3(2)தான் கலெக்டரைக் கொண்டுவருகிறது. ஒரு பகுதியின் நிலைமையைப் பார்த்து அவசியம் என்று அரசுக்குத் தோன்றினால், அந்த இடத்து மாவட்ட மாஜிஸ்திரேட்டோ போலீஸ் கமிஷனரோ இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுத்துமூலம் உத்தரவு போடலாம். மாவட்ட மாஜிஸ்திரேட் என்பது கலெக்டர்தான். அந்த உத்தரவுக்கும் ஆயுள் உண்டு. ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது, வேண்டுமானால் மறுபடி நீட்டித்துக்கொள்ளலாம். கலெக்டர் ஒருவரை உள்ளே வைத்துவிட்டால் அரசுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசின் ஒப்புதல் வராவிட்டால் அந்த உத்தரவு தானாகவே காலாவதி.

அதாவது, அதிகாரத்தைக் கீழே இறக்கச் சட்டமே ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறது. ஏணியில் எத்தனை படி, எந்தப் படியில் யார் நிற்கலாம், எவ்வளவு நாள் நிற்கலாம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. கலெக்டர் படிக்குக் கீழே படியே கிடையாது. அதனால் கலெக்டர் "நான் மீட்டிங்கில் இருக்கிறேன், நீங்களே போட்டுவிடுங்கள்" என்று எஸ்.பி.யிடமோ ஆர்.டி.ஓ.விடமோ சொல்ல முடியாது. சொன்னால் அது சட்டத்தில் இல்லாத படி.

அப்படியானால் எஸ்.பி. என்ன செய்கிறார்? வழக்கு விவரங்கள், எஃப்.ஐ.ஆர். நகல்கள், ரிமாண்ட் விவரம், எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிப் பரிந்துரையோடு அனுப்புகிறார். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பிரிவு அதைச் சரிபார்த்து, வரைவு தயாரித்து, டைப் அடிக்கிறது. இதில் எதுவுமே தவறில்லை. முடிவு எடுப்பது மட்டும் கலெக்டர் மண்டைக்குள் நடக்க வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் உத்தரவைப் பரிசோதிக்கும்போது உயர் நீதிமன்றம் தோண்டிப் பார்க்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று: காகிதங்களைப் பார்த்து இவர் தாமாக யோசித்தாரா, இல்லை வந்ததில் அப்படியே கையெழுத்துப் போட்டாரா? பரிந்துரைக் கடிதத்தில் இருந்த எழுத்துப்பிழை, தவறான தேதி எல்லாம் மாறாமல் உத்தரவிலும் வந்திருந்தால் வக்கீலுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

கலெக்டர் விடுப்பில் போனால்? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 'பொறுப்பு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்கிற எல்லோரும் ஒரே ரகமில்லை. அந்தப் பதவியிலேயே முழுதாக நியமித்து ஓர் உத்தரவு வந்திருந்தால் நாற்காலி அவருடையது, சட்டம் நாற்காலிக்குக் கொடுத்த அதிகாரமும் அவருடையது. அன்றாடத் தபாலையும் நடப்புக் கோப்புகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி மட்டும் உத்தரவு இருந்தால், சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்த அதிகாரம் அவரிடம் வராது. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த நியமன உத்தரவின் வாசகத்தில் இருக்கிறது. அறை வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இப்போது என் கணக்கில் இந்தத் தத்துவத்துக்கு மிகச் சுத்தமான உதாரணமாக இருக்கும் வழக்குக்கு வருவோம். சாஹ்னி சில்க் மில்ஸ் என்ற கம்பெனிக்கும் இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் நடந்தது. உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்புச் சொன்னது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் தெரியாதவர்கள் சிப்காட்டில் இருக்க மாட்டார்கள். முதலாளி தன் பங்கையும் தொழிலாளி பங்கையும் சேர்த்து உரிய நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் வட்டி ஒரு பக்கம் இருக்க, அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 85பி என்ற பிரிவின்படி 'டேமேஜஸ்' என்று ஒரு தண்டத்தொகையும் போடலாம் என்று இருந்தது. அது பாக்கித் தொகை அளவுக்குக்கூடப் போகலாம். அந்த அதிகாரத்தைச் சட்டம் 'கழகம்' என்ற அமைப்புக்குக் கொடுத்தது. கழகம் என்றால் ஒரு தனி அதிகாரி இல்லை. அரசின் ஆட்கள், முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளர்களின் பிரதிநிதிகள், மருத்துவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாம் உட்காரும் சபை அது. நாடு முழுக்க எந்தப் பட்டறை எத்தனை நாள் தாமதமாகக் கட்டியது என்று இவ்வளவு பேர் டெல்லியில் உட்கார்ந்து பார்க்க முடியுமா? முடியாது என்று சட்டத்துக்கே தெரியும். அதனால் 94ஏ பிரிவில், கழகம் தன் அதிகாரங்களைத் தனக்குக் கீழ்ப்பட்ட எந்த அதிகாரியும் பயன்படுத்தலாம் என்று உத்தரவிடலாம் என ஒரு கதவு திறந்து வைத்திருந்தது.

கழகம் 1976 பிப்ரவரி 28 அன்று கூடி ஒரு தீர்மானம் போட்டது. டேமேஜஸ் விதிக்கும் அதிகாரத்தைத் தலைமை இயக்குநரோ, அவர் அதிகாரமளிக்கும் வேறு எந்த அதிகாரியுமோ பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதை வைத்துத் தலைமை இயக்குநர் மண்டல இயக்குநர்களுக்கு அதிகாரம் கொடுத்தார். மண்டல இயக்குநர்கள் கம்பெனிகளுக்கு டேமேஜஸ் போட்டார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் கோளாறே தெரியாது. மண்டல இயக்குநர் கழகத்துக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிதானே? 94ஏ 'எந்த அதிகாரியும்' என்றுதானே சொல்கிறது? கழகத்தின் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் வாதாடினார்கள்.

நீதிமன்றம் தீர்மானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 'தலைமை இயக்குநர்' என்ற பாதி சரி. கழகம் தானே ஓர் அதிகாரியைத் தேர்ந்தெடுத்து அதிகாரம் கொடுத்திருக்கிறது, 94ஏ கேட்பது அதைத்தான். 'அவர் அதிகாரமளிக்கும் வேறு எந்த அதிகாரியும்' என்ற மறு பாதி வேறு ரகம். இங்கே யார் தண்டம் போட வேண்டும் என்று முடிவு செய்தது கழகம் இல்லை, தலைமை இயக்குநர். 94ஏ கழகத்துக்குக் கொடுத்தது ஒப்படைக்கும் அதிகாரம். ஒப்படைக்கும் அந்த அதிகாரத்தையே இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. எனவே தீர்மானத்தின் இரண்டாம் பாதி செல்லாது. அதை நம்பிப் போட்ட தண்டமும் நிற்காது.

இதை நம்மூர் நடைமுறைக்கு இறக்கிப் பார்க்கலாம். சிப்காட்டில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதப் பிடித்தம் தாமதம். பாக்கி 40,000 ரூபாய், தண்டம் 10,000 ரூபாய் என்று ஓர் உத்தரவு மண்டல இயக்குநர் கையெழுத்தோடு வருகிறது. கழகம் நேரடியாக 'தலைமை இயக்குநரும் மண்டல இயக்குநர்களும்' என்று தீர்மானத்தில் எழுதியிருந்தால் அந்த உத்தரவை இந்தக் காரணத்துக்காக யாரும் அசைக்க முடியாது. அதே கையெழுத்து, அதே தொகை, அதே நாள், ஆனால் தீர்மானத்தில் 'அவர் அதிகாரமளிப்பவர்' என்று இருந்தால் ஆட்டம் காணும். பட்டறைக்காரர் கையில் இருக்கும் காகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. கோளாறு அந்தக் காகிதத்துக்குப் பின்னால், இரண்டு காகிதம் தள்ளி இருக்கிறது.

ஜூனியராக இருந்தபோது இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தால் செல்லுபடியாகியிருக்கும் விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் வரைக்குமா என்று சீனியரிடம் கேட்டேன். "பத்திரம் எழுதறவர்கிட்ட போய் இதே கேள்வியைக் கேளு" என்றார். நாடாளுமன்றம் நம்பியது அந்தச் சபையை. முதலாளி, தொழிலாளி இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கும் இடம் அது. யாரிடம் இந்தத் தண்டக்கோலைக் கொடுப்பது என்று அந்தச் சபை தானே யோசித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தம்பி, மாமா, புரோக்கர் கதை அப்படியே பொருந்துகிறது.

இதே மாதிரி, இன்னும் பழைய ஒன்று. கடலூர் ஓ.டி. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் இதுவும் துறைமுகக் கதைதான், லண்டன் துறைமுகம். பர்னார்ட் வழக்கு என்பார்கள், 1953. அங்கே துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஒரு தேசிய வாரியம், அதற்குக் கீழே ஊர் வாரியங்கள். தேசிய வாரியம் ஊர் வாரியத்துக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்று விதி அனுமதித்தது. ஊர் வாரியத்தில் தொழிலாளர் தரப்பும் முதலாளி தரப்பும் சரிசமமாக இருக்கும். சர்க்கரை இறக்குவது பற்றிய தகராறில் சில தொழிலாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அவர்கள் மேல்முறையீடு செய்து தோற்றும் போனார்கள். பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, ஆவணங்களைக் காட்டச் சொன்னபோதுதான் உண்மை வெளியே வந்தது. சஸ்பெண்ட் செய்தது வாரியம் அல்ல, துறைமுக மேலாளர் ஒரே ஆள். வாரியம் தன் வேலையை அவரிடம் தள்ளிவிட்டிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சஸ்பென்ஷன் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றது. ஒருவரைக் குற்றவாளியா இல்லையா என்று விசாரித்துத் தண்டிக்கும் வேலையை, அதாவது நீதிபதி வேலை போன்ற ஒன்றை, அனுமதி வாசகம் இல்லாமல் கைமாற்ற முடியாது என்பதில் நீதிமன்றங்கள் மிகக் கறாராக இருக்கும். வெறும் நிர்வாக வேலை என்றால் கொஞ்சம் இளக்கம் காட்டும்.

அப்புறம், பாண்டிச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு பக்கவாட்டுச் செய்தி. அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, சட்டசபைக்கும் இப்படி ஒரு தலைவலி வந்திருக்கிறது. 1965இல் புதுச்சேரி சட்டசபை ஒரு விற்பனை வரிச் சட்டம் போட்டது. தனியாக எழுதச் சிரமப்படாமல், பக்கத்து மெட்ராஸின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம், தங்கள் சட்டம் அமலுக்கு வரும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். அமலுக்கு வந்தது 1966 ஏப்ரல் 1. அதற்குள் மெட்ராஸில் திருத்தம் செய்துவிட்டார்கள். புதுச்சேரி மக்கள் என்ன வரி கட்ட வேண்டும் என்று புதுச்சேரி சட்டசபைக்கே தெரியாமல் மெட்ராஸ் சட்டசபை தீர்மானித்த மாதிரி ஆனது. ஷாமா ராவ் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. சட்டமியற்றும் அதிகாரத்தைக் கைமாற்றுவதற்கான விதிகள் தனி, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நோய் ஒரே குடும்பம்.

சரி, பத்தில் எட்டு செல்லும் என்று சொன்னேனே, அவை எப்படிப்பட்டவை?

கலெக்டர் அலுவலக உத்தரவு ஒன்றை எடுத்து மேஜையில் விரித்துக்கொள்ளுங்கள். தலைப்பில் 'மாவட்ட ஆட்சியர் அவர்களின் செயல்முறைகள்' என்று இருக்கும். அடுத்து 'முன்னிலை' என்று போட்டு ஆட்சியரின் பெயர். பிறகு ந.க. எண், நாள். 'பார்வை' என்ற தலைப்பில் எந்தெந்த மனு, எந்தெந்த அறிக்கையைப் பார்த்தார்கள் என்று வரிசை. கடைசியில் வலது பக்கம் 'ஒம்/-' என்று போட்டு, கீழே 'மாவட்ட ஆட்சியருக்காக' என்று வேறொருவரின் கையெழுத்து. மக்கள் பதறுவது இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான். பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், ஆட்சியர் அலுவலகக் கோப்பில் முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்களுக்கு வந்திருப்பது அதன் நகல். அதை அனுப்பி வைத்தவர்தான் கீழே இருப்பவர். முடிவு ஒருவருடையது, அஞ்சல் வேலை இன்னொருவருடையது. இதில் அதிகாரம் யாருக்கும் கைமாறவே இல்லை.

விசாரணை நடத்துவது இன்னொரு ரகம். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்த பிரத்யத் குமார் போஸ் மேல் குற்றச்சாட்டு வந்தபோது, தலைமை நீதிபதி அதை விசாரிக்கும் வேலையை வேறொரு நீதிபதியிடம் கொடுத்தார். அறிக்கை வந்தது. பிறகு தலைமை நீதிபதியே விளக்கம் கேட்டு, அவரே பணிநீக்கம் செய்தார். விசாரணையைக் கைமாற்றியது தவறு என்று போஸ் வாதாடினார். 1955இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணிநீக்கம் செய்யும் அதிகாரம் நிர்வாக அதிகாரம், உண்மைகளைத் திரட்டித் தரும் வேலையை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்றது. வருவாய் ஆய்வாளர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர, தாசில்தார் உத்தரவு போடுவதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆர்.ஐ.தான் முடிவு செய்தார் என்று காட்ட முடிந்தால் கதை வேறு, ஆனால் அதைக் காட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

மூன்றாவது, கோட்டையிலிருந்து வருவது. 'ஆளுநரின் ஆணைப்படி' என்று முடிந்து செயலாளர் கையெழுத்து இருக்கும். சட்டம் 'மாநில அரசு' என்று சொல்கிற இடத்தில் அமைச்சரே ஒவ்வொரு கோப்பையும் பார்க்க வேண்டுமா? இது நம் மாநிலத்திலேயே சண்டையாகி உச்ச நீதிமன்றம் போனது. பஸ் தடங்களை அரசுடைமை ஆக்கும் திட்டத்துக்கு மாநில அரசு மனத்திருப்தி அடைய வேண்டும் என்று அன்றைய மோட்டார் வாகனச் சட்டம் சொன்னது. திட்டத்தில் திருப்தி அடைந்தவர் துறைச் செயலாளர். சஞ்சீவி நாயுடு உள்ளிட்ட தனியார் பஸ் முதலாளிகள், அமைச்சர் பார்க்காத கோப்பு எப்படி அரசின் முடிவாகும் என்று கேட்டார்கள். 1970இல் உச்ச நீதிமன்றம் பஸ் முதலாளிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அரசு அலுவல் விதிகளின்படி ஒதுக்கப்பட்ட வேலையைச் செய்யும் செயலாளர் அரசிடமிருந்து அதிகாரம் வாங்கிய வெளியாள் இல்லை, அரசின் கை கால் போன்றவர். கை எழுதினால் உடம்பு எழுதியதுதான். இங்கிலாந்தில் 1943இலேயே கார்ல்டோனா என்ற உணவுத் தொழிற்சாலையைப் போர்க்காலத்தில் எடுத்துக்கொண்ட வழக்கில், அமைச்சருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் துறை அதிகாரி பயன்படுத்தலாம், நாடாளுமன்றத்தில் பதில் சொல்லப் போவது அமைச்சர்தான் என்று இதையே சொல்லியிருந்தார்கள்.

ஆனால் இந்தக் கை-கால் வாதத்தை எல்லா ஆபீசிலும் நீட்டக் கூடாது. சட்டம் 'மாநில அரசு' என்று பொதுவாகச் சொல்லும் இடத்துக்குத்தான் இது. 'மாவட்ட மாஜிஸ்திரேட்', 'ஆணையர்', 'கழகம்' என்று ஒரு நாற்காலியையோ சபையையோ பெயர் சொல்லிக் காட்டும் இடத்தில் உதவியாளரை அவருடைய கை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு வேண்டுமென்றே குழப்புவார்கள். நானும் எதிர்த்தரப்பில் இருந்தபோது குழப்பியிருக்கிறேன்.

ஆகவே ஓர் உத்தரவு கையில் வந்தால் நான் படிக்கும் வரிசை இது. முதலில் உத்தரவில் சொல்லியிருக்கும் சட்டப்பிரிவை எடுத்து, அதில் எந்த நாற்காலியின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். கையெழுத்து அந்த நாற்காலியுடையதாக இருந்தால் அத்தோடு இந்தப் பேச்சு முடிந்தது. வேறு ஆள் என்றால், அதே சட்டத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போவேன். அதிகார ஒப்படைப்புப் பிரிவு பெரும்பாலும் விதிகள் செய்யும் பிரிவுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அதில் யார், யாருக்கு, எப்படி என்று மூன்றையும் பார்க்க வேண்டும். 'எழுத்துமூலம்' என்றால் வாய்மொழி போதாது. 'அரசிதழில் அறிவித்து' என்றால் உள் சுற்றறிக்கை போதாது. பிறகு அந்த ஒப்படைப்பு உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும். தானாகத் தர மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, 'இந்த நாளில் இந்தப் பிரிவின் கீழ் அதிகாரம் ஒப்படைத்த உத்தரவின் நகல்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நீளமாக எழுதினால் நீளமாக ஏமாற்றுவார்கள்.

நகல் வந்தபின் தேதியைப் பாருங்கள். ஒப்படைப்பு உத்தரவு உங்களுக்கு வந்த உத்தரவுக்குப் பிந்தைய தேதியில் இருப்பது நடக்காத காரியமில்லை. அதைவிட முக்கியம், எந்த அளவுக்கு ஒப்படைத்தார்கள் என்பது. இதற்கு ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன்.

வேறொரு ஊரில் ஹோட்டல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர். உரிமக் கட்டணப் பாக்கிக்காக அவர் கடையின் உரிமத்தை ரத்து செய்து ஓர் உத்தரவு வந்தது. போட்டவர் ஆணையருக்குக் கீழே இரண்டு படி தள்ளி இருக்கும் ஓர் அதிகாரி. சட்டம் ஆணையர் என்று சொல்லியிருந்தது. ஒப்படைக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. நகல் கேட்டோம், இருபத்தெட்டாம் நாள் வந்தது. ஆணையர் எழுத்துமூலம், முறையாக, சரியான தேதியில்தான் ஒப்படைத்திருந்தார். நண்பர் முகம் தொங்கிப்போனது. நான் மறுபடி ஒருமுறை படித்தேன். 'அறிவிப்பு அனுப்புதல், கட்டணம் வசூலித்தல், ஆய்வு செய்தல்' என்று மூன்று வேலைகள் இருந்தன. 'ரத்து செய்தல்' அதில் இல்லை.

அதைச் சுட்டிக்காட்டி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினோம், வழக்குக்கே போகவில்லை. பத்து நாளில் ரத்து உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நண்பர் எனக்கு பிரியாணி அனுப்பினார். அவரிடம் அப்போதே சொன்னேன், பாக்கி அப்படியே இருக்கிறது, செல்லாமல் போனது கையெழுத்துதான் என்று. உரிய அதிகாரி சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள் புதிதாக நடவடிக்கை எடுப்பதை யாரும் தடுக்க முடியாது. அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஓர் அறிவிப்பு வந்தது, இந்தத் தடவை ஆணையரே கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் மறுநாளே போய்ப் பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.